கேப்சூலா, மாத்திரையா, சிரப்பா? மருந்து அட்டையில் பச்சைப் புள்ளி தேடுகிறவர்களுக்கு

பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கிப் பழகிய கண், மருந்து அட்டையைக் கையில் எடுத்ததும் அதே புள்ளியைத் தேடும். பெரும்பாலான அட்டைகளில் அது இருக்காது. இடது ஓரமாக மேலிருந்து கீழே ஓடும் ஒரு சிவப்புக் கோடுதான் கண்ணில் படும். அதைப் பார்த்து "இது அசைவம் போல" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் கோட்டுக்கும் சைவ அசைவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடக்கூடாத மருந்து என்பதற்கான எச்சரிக்கை அது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளை இஷ்டத்துக்கு விழுங்குவதைக் குறைக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் இந்தக் கோட்டைப் பற்றித் தனியாகப் பிரசாரமே செய்தது.

அப்படியானால் சீட்டில் கேப்சூல் எழுதியிருக்கிறது, அதன் உறையில் பெரும்பாலும் இருக்கிற, விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் வேண்டாம் என்று நினைக்கிற குடும்பம் என்ன செய்யலாம்? அதே மருந்தை மாத்திரையாக வாங்கலாம், திரவமாக வாங்கலாம், தாவர உறை போட்ட கேப்சூல் தேடலாம், உறையைப் பிரித்து உள்ளிருப்பதை மட்டும் சாப்பிடலாம், இல்லையென்றால் அப்படியே விழுங்கலாம். இந்த ஐந்தில் எது சரி என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஆன்டிபயாட்டிக்குக்குச் சரியாக வருகிற வழி, வைட்டமின் டி-க்கு ஏமாற்றிவிடும்.

புள்ளி எங்கே கட்டாயம், எங்கே இல்லை

இந்தியாவில் சைவ, அசைவக் குறி உணவுச் சட்டத்தின் விஷயம். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகளில் அது பழுப்பு முக்கோணமாக மாறியது, நிறக்குருடு உள்ளவர்களும் வடிவத்தை வைத்தே பிரித்துப் பார்க்கலாம். எது அசைவம் என்பதற்கும் அங்கே எழுதிவைத்த வரையறை உண்டு. விலங்கிலிருந்து வந்த எந்தச் சேர்மானம் இருந்தாலும் அசைவம். பால், பால்பொருள், தேன், தேன்மெழுகு போன்றவை மட்டும் விலக்கு. அந்தக் கணக்கில் ஜெலட்டின் ஐயத்துக்கு இடமில்லாமல் அசைவம்.

மருந்துக்கு இது பொருந்தாது. மருந்து லேபிளை ஆள்வது 1940-ஆம் ஆண்டுச் சட்டமும் 1945-ஆம் ஆண்டு விதிகளும். அவற்றில் அட்டையில் சைவ, அசைவக் குறி போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முயற்சி நடக்காமல் இல்லை. 2002-இல் டெல்லி உயர்நீதிமன்றம், உயிர்காக்கும் மருந்துகளை விட்டுவிட்டு மற்ற மருந்துகளிலும் அழகுசாதனப் பொருட்களிலும் குறி வேண்டும் என்று உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் 2013 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மருந்து நோயாளி விரும்பித் தேர்ந்தெடுக்கிற பண்டம் அல்ல, மருத்துவர் தேவை பார்த்துக் கொடுப்பது, அதில் புள்ளி போட்டால் சிலர் தேவையான மருந்தையே நிறுத்திவிடுவார்கள் என்பது குறி வேண்டாம் என்பவர்களின் வாதம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் தகவலை மறைத்துவைப்பதால் அது தீரும் என்று தோன்றவில்லை. புள்ளி இல்லாத அட்டையைப் பார்த்துவிட்டு மருந்தைப் பாதியில் விடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இதனால் ஒரு வினோதம் நடக்கிறது. மீன் எண்ணெய் கேப்சூல் இரண்டு நிறுவனங்களுடையதை அருகருகே வையுங்கள். ஒன்று ஊட்டச்சத்துப் பொருளாக உணவு உரிமத்தில் வருகிறது. அதில் பதினான்கு இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் பழுப்பு முக்கோணமும் இருக்கும். இன்னொன்று மருந்து உரிமத்தில் வருகிறது. அதில் உற்பத்தி உரிம எண் மட்டும் இருக்கும், முக்கோணம் இருக்காது. உள்ளே எண்ணெயும் ஒன்று, உறையும் ஒன்று. அதனால் அட்டையைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது புள்ளியை அல்ல, எந்த உரிமம் என்பதை. பதினான்கு இலக்க எண் இருந்தால் குறியை நம்பலாம், அதற்குப் பின்னால் சட்ட வரையறை இருக்கிறது. மருந்து உரிமம் என்றால், குறி இல்லாததால் எதுவும் நிரூபணமாகாது. நிறுவனம் தானாக விரும்பிப் போட்ட பச்சைப் புள்ளியோ இலைப் படமோ இருந்தாலும் அது எதைக் குறிக்கிறது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உறையை மட்டும் மனதில் வைத்து "வெஜ் கேப்சூல்" என்று போட்டிருக்கலாம்.

மருந்து உரிமம் கொண்ட அட்டையில் உண்மையைச் சொல்லும் வரி ஒன்று உண்டு. மருந்தின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் "ஈச் ஹார்டு ஜெலட்டின் கேப்சூல் கன்டெய்ன்ஸ்" என்று தொடங்கும் வரி அது. அந்த இடத்தில் ஜெலட்டின் என்ற சொல் இருந்தால் விஷயம் முடிந்தது. "சாஃப்ட் ஜெலட்டின்" என்றிருந்தாலும் அப்படியே. "எச்பிஎம்சி கேப்சூல்" அல்லது "வெஜிடேரியன் கேப்சூல்" என்றிருந்தால் உறை தாவரத்திலிருந்து வந்தது. வெறுமனே "ஈச் கேப்சூல்" என்று நின்றுவிட்டால், அதை ஜெலட்டின் என்றே எடுத்துக்கொள்வது நல்லது. தாவர உறைக்குக் கூடுதல் காசு செலவழித்த நிறுவனம் அதைச் சொல்லாமல் விடுவது அபூர்வம். அதே பக்கத்தில் "அப்ரூவ்டு கலர்ஸ் யூஸ்டு இன் கேப்சூல் ஷெல்ஸ்" என்ற வரியும் வரும், அது சாயத்தைப் பற்றியது மட்டும். சில அட்டைகளில் இருக்கிற க்யூஆர் குறியீட்டையும் ஸ்கேன் செய்து பார்ப்பவர்கள் உண்டு. அதில் பெயர், பேட்ச், காலாவதித் தேதி, உரிம எண் போன்றவை வரும். 2023 ஆகஸ்டில் முன்னூறு பிராண்டுகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது போலி மருந்தைக் கண்டுபிடிக்க. உறை எதிலிருந்து வந்தது என்று சொல்வதற்கு அல்ல.

ஏன் எலும்பிலிருந்து உறை?

ஜெலட்டின் என்பது கொலாஜன் என்ற புரதத்தை வெந்நீரில் கரைத்து எடுத்தது. கொலாஜன் விலங்கின் தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும்தான் இருக்கிறது, செடிகொடியில் இல்லை. அதனால் "தாவர ஜெலட்டின்" என்று ஒன்று கிடையாது. அந்தப் பெயரில் விற்பது அகர் அகர், கராஜீனன் மாதிரி வேறு பொருளாக இருக்கும்.

இந்தியாவில் மருந்துத் தர ஜெலட்டின் பெரும்பாலும் மாடு, எருமை எலும்பிலிருந்து தயாராகிறது. எலும்பை நொறுக்கி, கொழுப்பை நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்புச் சத்து கரைந்து போய், ரப்பர் போல வளையும் பொருள் மிஞ்சும். அதற்கு ஒசீன் என்று பெயர். அதைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் போட்டுவைத்து, கழுவி, பிறகு சூட்டைப் படிப்படியாக ஏற்றி வெந்நீரில் ஜெலட்டினை இறக்குவார்கள். வெளிநாடுகளில் பன்றித் தோலும் பெரிய மூலப்பொருள். அங்கே சுண்ணாம்புக்குப் பதில் அமில முறை. மீன் தோலிலிருந்தும் எடுக்கிறார்கள், ஆனால் அளவு குறைவு. மாடு ஆகாதவர், பன்றி ஆகாதவர், எதுவுமே ஆகாதவர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் எழுகிறது, ஆனால் லேபிளில் ஜெலட்டின் என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் எதுவும் இருப்பதில்லை.

நிறுவனங்கள் இதையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அது சூட்டுக்கு நடந்துகொள்ளும் விதம். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் உறைந்து, சுடவைத்ததும் இளகுகிறதே, அந்தக் குணம்தான் முழுத் தொழிலையும் தாங்குகிறது. ஏறக்குறைய 50 டிகிரியில் இளகிய கரைசலில், ஆறிய எஃகு ஊசிகளை வரிசையாக முக்கி எடுப்பார்கள். ஊசியின் மேல் மெல்லிய படலம் உடனே இறுகிவிடும். உலர்த்தி, உருவி, நுனி வெட்டி, மூடியையும் அடிப்பாகத்தையும் பொருத்தினால் கேப்சூல். அது அறை வெப்பத்தில் கெட்டியாக நிற்கும், வயிற்றின் 37 டிகிரியில் சில நிமிடங்களில் கரைந்துவிடும். காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உள்ளே விடுவதும் குறைவு.

தாவர உறைக்குப் பயன்படும் எச்பிஎம்சி, மரக்கூழ் அல்லது பருத்தி இழையின் செல்லுலோஸை ரசாயன முறையில் மாற்றித் தயாரிப்பது. இதன் குணம் தலைகீழ். சூடேற்றினால் இறுகும், ஆறினால் இளகும். பழைய எந்திரத்தில் அப்படியே ஓட்ட முடியாது. கராஜீனன், ஜெல்லன் போன்ற இறுக்கும் பொருளைச் சேர்க்க வேண்டும், அல்லது ஊசியைச் சூடாக வைத்து வேறு முறையில் செய்ய வேண்டும். விலை கூடுவது இதனால்தான். ஆனால் எச்பிஎம்சிக்கு என்று சில நன்மைகளும் உண்டு. ஜெலட்டின் உறையில் 13 முதல் 16 சதவீதம் ஈரப்பதம் இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் அழுத்தியதும் உடையும், மிகக் கூடினால் ஒன்றோடொன்று ஒட்டும். எச்பிஎம்சி 4 முதல் 6 சதவீதத்திலேயே நன்றாக இருக்கும். அதனால் ஈரம் ஆகாத மருந்துகளுக்கு நிறுவனங்களே அதைத் தேடிப் போகின்றன, சைவத்துக்காக அல்ல.

ஜெலட்டினுக்கு இன்னொரு பலவீனம், சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நாள்பட்டால் அதன் புரத இழைகள் தமக்குள் பின்னிக்கொண்டு கரைய மறுப்பது. குளியலறை அலமாரியில் மருந்து வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

அமாக்சிசிலின்: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பெரியவருக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக், 500 மி.கி. கேப்சூல், நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாள் என்று சீட்டு. மொத்தம் 15 கேப்சூல். இந்த மருந்துக்கு வழக்கமாக எடுக்கும் பெரிய உறை, பூஜ்ய அளவு என்பார்கள், காலியாக ஏறக்குறைய 100 மில்லிகிராம் எடை. அப்படியானால் ஐந்து நாளில் உள்ளே போகும் உறை ஒன்றரை கிராம், அதில் ஈரத்தைக் கழித்தால் ஒன்றேகால் கிராமுக்கு அருகில் ஜெலட்டின். இது சிலருக்கு ஒரு பொருட்டே இல்லை. சிலருக்கு ஒரு துளியும் ஆகாது. அளவு தெரிந்தால் முடிவை அவரவர் எடுக்கலாம்.

மாற்று வழியில் முதலாவது, நீரில் கரையும் 250 மி.கி. மாத்திரை. ஒரு வேளைக்கு இரண்டு, மொத்தம் 30. பெரும்பாலும் குழந்தைகளுக்கு எழுதுவது, பெரியவர் சாப்பிடுவதில் தடை ஒன்றும் இல்லை, மருத்துவர் அப்படி எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, தண்ணீர் ஊற்றிக் கலக்கும் உலர் சிரப். 5 மில்லியில் 250 மி.கி. இருக்கும் வகை என்றால் ஒரு வேளைக்கு 10 மில்லி, நாளைக்கு 30, ஐந்து நாளைக்கு 150 மில்லி. கடையில் 30 மில்லி பாட்டில்தான் இருக்கிறது என்றால் ஐந்து பாட்டில், ஒரு நாளைக்கு ஒன்று. இதில் ஒரு வசதியும் உண்டு: கலக்கிய பாட்டில் வழக்கமாக ஏழு நாளுக்குமேல் தாங்காது, தினம் ஒன்றைக் கலக்கினால் அந்தக் கவலை இல்லை. பாட்டிலில் குறித்த கோடுவரை தண்ணீர் ஊற்றுவது முக்கியம். குறைந்தால் மருந்து கெட்டியாகி அளவு கூடும். 5 மில்லியில் 125 மி.கி. என்ற வகையும் உண்டு, பெயர் ஒன்றுதான். அதைத் தவறுதலாக வாங்கி 10 மில்லி குடித்தால் பாதி டோஸ்தான் போகும். இனிப்பு அதிகம் என்பதால் சர்க்கரை நோயாளிகளுக்கு நான் மாத்திரையையே முதலில் சொல்வேன்.

இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் தப்பு வேறு. "கேப்சூல் வேண்டாம், இதையே மாத்திரையாகக் கொடுங்கள்" என்று கவுண்டரில் கேட்டால், கையில் 625 என்று போட்ட மாத்திரை வரும். அது அமாக்சிசிலின் 500-உம் கிளாவுலானிக் அமிலம் 125-உம் சேர்ந்த வேறு மருந்து. வயிற்றுப்போக்கு அதில் கூடுதல், தேவையும் வேறு. சீட்டில் உள்ளதற்குப் பதில் கடைக்காரர் வேறு தயாரிப்பைக் கொடுக்க மருந்து விதிகளும் இடம் தரவில்லை. 65-ஆம் விதியின் 11ஏ பிரிவு, மருத்துவர் சீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய ஷெட்யூல் எச் மருந்துகளில் உள்ளடக்கம் ஒன்றாகவே இருந்தாலும் சீட்டில் எழுதிய தயாரிப்பைத்தான் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே பேச வேண்டிய இடம் கவுண்டர் அல்ல, மருத்துவரின் மேசை. அவர் எழுதும்போதே "டாக்டர், கேப்சூலில் ஜெலட்டின் இருக்குமே, மாத்திரையாக எழுத முடியுமா?" என்று கேட்டால் பத்து வினாடியில் முடியும் வேலை. சீட்டில் மருந்துப் பெயருக்கு முன்னால் கேப் என்றிருக்கிறதா, டேப் என்றிருக்கிறதா என்பதை வெளியே வருமுன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வைட்டமின் டி: உறையை மாற்றினால் போதாது

வாரம் ஒரு முறை 60,000 யூனிட் வைட்டமின் டி3. நம்மூரில் சர்வசாதாரணமாக எழுதப்படும் மருந்து. எடையாகப் பார்த்தால் 60,000 யூனிட் என்பது ஒன்றரை மில்லிகிராம்தான். அந்த ஒன்றரை மில்லிகிராம் எண்ணெயில் கரைந்து, அதைவிடப் பல மடங்கு எடையுள்ள மென்மையான உறைக்குள் இருக்கிறது. மென்கேப்சூல் உறை ஜெலட்டினோடு கிளிசரினும் சேர்த்துப் பிசைந்தது. கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும்.

மாற்றாகக் கடையில் நான்கு வடிவம் இருக்கும்: பொடிப் பாக்கெட், மெல்லும் மாத்திரை, 5 மில்லி திரவக் குப்பி, தாவரப் பொருளால் செய்த மென்கேப்சூல். ஜெலட்டின் உறை இல்லை என்பதற்காகப் பொடியையும் மாத்திரையையும் உடனே சைவம் என்று முடிவுகட்ட வேண்டாம். எண்ணெயில் கரையும் வைட்டமினைப் பொடியோடு கலக்க, அதை முதலில் மிக நுண்ணிய மணிகளாக மாற்றுவார்கள். அந்த மணியைக் கட்டிப்பிடித்திருக்கும் பசை காலங்காலமாக ஜெலட்டின்தான். இப்போது மாற்றியமைத்த ஸ்டார்ச்சில் செய்தவையும் நிறைய வருகின்றன. எது உள்ளே இருக்கிறது என்பது அட்டையில் தெரியாது. வைட்டமின் ஏ, ஈ கலந்த மல்டிவைட்டமின் மாத்திரைகளுக்கும் இதே கதைதான். ஜெலட்டினை மட்டும் தவிர்ப்பதுதான் நோக்கம் என்றால் திரவக் குப்பியில் ஐயம் குறைவு.

குப்பியில் ஓர் ஆபத்து இருக்கிறது. டானிக் மாதிரி தோன்றுவதால் தினம் ஒன்று குடித்துவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று மாற்றினால் டோஸ் ஏழு மடங்கு. வைட்டமின் டி உடம்பிலிருந்து லேசில் வெளியேறாது. இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, அதிகத் தாகம், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். குப்பியின் மேல் சாப்பிட வேண்டிய கிழமையைப் பேனாவால் எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

உறையைத் தாண்டினாலும் இன்னொரு வாசல் இருக்கிறது. சந்தையில் உள்ள டி3-யில் பெரும்பங்கு லானோலினிலிருந்து வருகிறது. ஆட்டு ரோமத்தில் படிந்திருக்கும் மெழுகு அது. ரோமத்தைக் கழுவி மெழுகை எடுத்து, அதிலுள்ள கொலஸ்ட்ராலை வேதிமாற்றம் செய்து, புறஊதா ஒளி பாய்ச்சினால் டி3. ஆட்டைக் கொல்ல வேண்டியதில்லை, ரோமம் கத்தரித்தால் போதும். பால் சாப்பிடும் சைவர்கள் பலர் இதை ஏற்றுக்கொள்வார்கள், பால்கூடச் சாப்பிடாத வீகன் ஏற்கமாட்டார். பச்சைப் புள்ளியை விட இந்த வேறுபாடுதான் முடிவைத் தீர்மானிக்கும். பாசிக்காளானிலிருந்து எடுத்த டி3 இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் உணவு உரிமத்தில், குறைந்த யூனிட்டில், தினசரி வடிவில். 60,000-ஐ ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 8,500 யூனிட்டுக்கு மேல் வரும். ஆயிரம், இரண்டாயிரம் யூனிட் மாத்திரை அதற்கு ஈடாகாது. குறைபாடு எவ்வளவு என்று தெரிந்த மருத்துவர் கணக்குப் போட்டுத் தந்தால் மட்டுமே மாற்ற வேண்டும்.

பிரித்துச் சாப்பிடலாமா?

வீடுகளில் அதிகம் நடப்பதும் அதிகம் கெடுவதும் இதுதான். சாதாரணப் பொடி நிரப்பிய சில கேப்சூல்களைப் பிரிக்கலாம், கசப்பைப் பொறுத்துக்கொண்டால் சரி. ஆனால் பல கேப்சூல்களில் உறை வெறும் பை அல்ல.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலை உதாரணமாகப் பார்ப்போம். பிரித்தால் சிறு மணிகள் கொட்டும். ஒவ்வொரு மணிக்கும் தனி மேல்பூச்சு, வயிற்று அமிலத்தில் மருந்து அழியாமல் காப்பதற்கு. மணியை முழுசாக விழுங்கினால் மருந்து வேலை செய்யும். மென்றாலோ பொடித்தாலோ அமிலம் தின்றுவிடும், சாப்பிட்டும் சாப்பிடாததற்குச் சமம். பாலில் போட்டு வைப்பதும் கூடாது. அந்தப் பூச்சு அமிலத்தில்தான் நிற்கும், அமிலம் குறைந்த இடத்தில் கரையத் தொடங்கும். பிரிக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், சற்றுப் புளிப்பான மசித்த பழத்தில் ஒரு கரண்டி எடுத்து, மேலே தூவி, உடனே மெல்லாமல் விழுங்க வேண்டும். இதற்குப் பதில் பேன்டோபிரசோல் மாத்திரை எழுதச் சொல்வது பலருக்கு எளிய வழி. அது வேறு மருந்து என்பதால் முடிவு மருத்துவருடையது.

டபிகாட்ரான் என்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இன்னும் சுவையான உதாரணம். இதன் உறை எச்பிஎம்சி, அதாவது ஜெலட்டின் பிரச்சினையே இல்லை. ஆனால் "கேப்சூல் என்றாலே ஜெலட்டின்" என்ற நினைப்பில் ஒருவர் பிரித்து மணிகளை மட்டும் சாப்பிட்டால், இரத்தத்தில் சேரும் மருந்து சுமார் 75 சதவீதம் கூடிவிடும். இரத்தப்போக்குக்கு அது போதும். அட்டையில் உள்ள "ஈச் கேப்சூல்" வரியைப் படிக்காமல் பிரிப்பதன் விலை இது.

இணையத்தில் காலி எச்பிஎம்சி உறைகள் கிடைக்கின்றன, உள்ளிருப்பதை அதில் மாற்றி நிரப்பிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆன்டிபயாட்டிக்கில் இதைச் செய்யவே வேண்டாம். பொடி சிந்தி டோஸ் குறையும், நம் ஊர் ஈரக் காற்றில் மருந்து கெடும், பெனிசிலின் வகைத் தூள் பறந்தால் வீட்டில் ஒவ்வாமை உள்ளவருக்கு மூச்சு முட்டும்.

மூச்சுக்குழல் மருந்துக்கான ரோட்டாகேப் வகையைப் பற்றி ஒரு வார்த்தை. அதை விழுங்குவதே இல்லை; கருவியில் போட்டுத் திறந்து உள்ளிருக்கும் தூளை மட்டும் உறிஞ்சுகிறோம், உறை கருவியிலேயே தங்கிவிடும். உறை ஜெலட்டின் என்பதற்காக இன்ஹேலரை நிறுத்துவதில் அர்த்தமில்லை.

வேறு வடிவமே இல்லாதபோது

சில மருந்துகள் கேப்சூலாக மட்டுமே வரும். சிலவற்றில் மருந்தே விலங்கிலிருந்து வரும்: செரிமான நொதியான பான்கிரியாட்டின் பன்றிக் கணையத்திலிருந்து, ஹெப்பாரின் ஊசிமருந்து பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து. அங்கே உறையைப் பற்றிய விவாதம் பொருளற்றது. மருந்தை ஏற்பதா, மருத்துவரிடம் வேறு சிகிச்சை உண்டா என்று கேட்பதா என்பதே கேள்வி. மாத்திரை என்பதும் முழு உத்தரவாதம் அல்ல. அச்சில் ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட் பாமாயிலிலிருந்தும் வரும், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரும். ஆனால் ஒரு மாத்திரையில் அது சில மில்லிகிராம்தான்.

கையில் உள்ள உறை எதுவென்று தெரியவேண்டுமானால், காலாவதியான ஒன்றின் உறையை மட்டும் காலி செய்து, இடுக்கியில் பிடித்து நுனியைக் கொளுத்திப் பாருங்கள். ஜெலட்டின் புரதம் என்பதால் முடி கருகும் நாற்றம் வரும். செல்லுலோஸ் உறை காகிதம் எரிகிற வாசனை தரும். குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரில் போட்டாலும் ஓரளவு தெரியும்: ஜெலட்டின் ஊறி உப்பும், கரையாது, எச்பிஎம்சி மெல்லக் கொழகொழத்துக் கரையும். மாடா, பன்றியா, மீனா என்று இரண்டு சோதனையும் சொல்லாது.

அதற்கு நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். அட்டையில் முகவரி இருக்கும், பல அட்டைகளில் வாடிக்கையாளர் சேவை எண்ணோ மின்னஞ்சலோ இருக்கும். மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண் மூன்றையும் எழுதி, மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: உறை எந்தப் பொருள், அது ஜெலட்டின் என்றால் எந்த விலங்கு; உள்ளே உள்ள துணைப்பொருட்களில் விலங்கு மூலம் எது; மருந்து மூலப்பொருளே எதிலிருந்து. "எங்கள் கேப்சூல் வெஜிடேரியன்" என்று ஒரே வரியில் பதில் வந்தால் அது முதல் கேள்விக்கான பதில் மட்டும். மற்ற இரண்டையும் திரும்பக் கேளுங்கள். பதிலைப் பேட்ச் எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து சாப்பிடும் மருந்தாக இருந்தால், புது அட்டை வாங்கும்போது "ஈச் கேப்சூல்" வரியையும் உறையின் நிறத்தையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உறை வாங்குமிடத்தை நிறுவனங்கள் மாற்றுவதுண்டு. வரியோ நிறமோ மாறியிருந்தால் பழைய பதில் செல்லாது.